நீளமான ஹோஸில் அழுத்தம் எங்கே போகிறது? தீயணைப்புப் பம்பை இயக்குபவர் அதை எப்படி ஈடுகட்டுகிறார்?

தீப்பிடித்த கட்டடத்தின் முன் கூடி நிற்பவர்கள், தண்ணீர் மாடியை எட்டாமல் பாதியிலேயே வளைந்து விழுவதைக் கண்டால், "பிரஷர் பத்தல, இன்னும் கூட்டுங்க" என்று குரல் கொடுப்பது வழக்கம். அப்போது பம்பின் அருகே சென்று கேஜைப் பார்த்தால், முள் தாராளமான அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். பம்பில் அழுத்தம் இருக்கிறது, ஹோஸின் மறுநுனியில் அது இல்லை. இடையில் அது எங்கே போனது என்பதற்கு நம்மிடையே புழங்கும் விளக்கங்களில் பல தவறானவை. "நீளம் கூடினால் பிரஷர் குறையும்", "வாய் குறுகினால் பிரஷர் கூடும்" ஆகிய இரண்டும் அரைகுறையானவை. அந்த அரைகுறைத் தன்மையிலிருந்துதான் தவறான முடிவுகள் பிறக்கின்றன.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறது. கீழே தீயணைப்பு வண்டி நிற்கிறது. 180 மீட்டர் தொலைவில், மூன்றாம் மாடியில் ஒருவர் ஹோஸின் முனையைப் பிடித்திருக்கிறார். அவருக்குத் தேவையான அழுத்தத்தைக் கொடுக்க, கீழே பம்பை இயக்குபவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று பார்ப்போம்.

## அழுத்தம் வேறு, பாய்வு வேறு

வீட்டின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்கலாம். தொட்டியின் நீர்மட்டம் குழாய்த் திருகிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், திருகு மூடியிருக்கும்போது அதன் வாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் நிற்கும். பார் என்பது அழுத்தத்தின் அலகு. பழைய கேஜ்களில் எழுதியிருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பதும் நடைமுறையில் அதே அளவுதான். தொட்டியிலிருந்து வரும் குழாய் நேராக இறங்கினாலும், வீட்டைச் சுற்றி நூறு மீட்டர் அலைந்து வந்தாலும், திருகு மூடியிருக்கும்வரை அந்த 1 பாரில் எதுவும் குறையாது. ஓடாத தண்ணீருக்கு நீளம் ஒரு பொருட்டே அல்ல.

திருகைத் திறந்ததும் நிலைமை மாறுகிறது. இப்போது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. இதைப் பாய்வு வீதம் என்கிறோம். குளியலறையில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறைத் திருகைத் திறந்தால் குளிப்பவருக்குத் தண்ணீர் மெலிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். தொட்டியின் உயரம் மாறவில்லை, குழாயின் நீளமும் மாறவில்லை. இரு திருகுகளுக்கும் பொதுவான குழாயில் ஓடும் தண்ணீரின் அளவுதான் கூடியது. அந்தக் கூடுதல் ஓட்டமே வழியில் அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சொன்னால், அழுத்தம் என்பது தண்ணீரைத் தள்ளுவதற்குக் கையிலுள்ள வலு. பாய்வு என்பது உண்மையில் ஓடும் அளவு. வழியில் ஏற்படும் இழப்பு, பாய்வு இருந்தால் மட்டுமே உண்டாகும்.

## கட்டைவிரலால் அடைத்தால் ஏன் தூரம் போகிறது

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தூரம் போகிறது. "வழி குறுகியதால் அழுத்தம் கூடியது" என்றே பெரும்பாலானோர் இதை விளக்குவார்கள். விரல் ஒரு பம்பு அல்ல. அது புதிதாக அழுத்தத்தை உண்டாக்க முடியாது. நடப்பது வேறு.

வாய் முழுதாகத் திறந்திருக்கும்போது தண்ணீர் ஏராளமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தைக் குழாய் முழுவதும் இழுத்து வருவதிலேயே தொட்டி கொடுத்த அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் செலவாகிவிடுகிறது. வாய்க்கு வந்து சேரும்போது கையில் மிச்சம் எதுவும் இல்லாததால் தண்ணீர் சோம்பலாகக் காலடியில் விழுகிறது. விரலை வைத்து அடைத்ததும் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்ததால் குழாயில் செலவு குறைகிறது. செலவு குறைந்ததால் விரலுக்குப் பின்புறம் வரை அழுத்தம் பிழைத்து வருகிறது. அப்படிப் பிழைத்து வந்த அழுத்தம்தான் சிறிய இடைவெளியில் வேகமாக மாறுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அடியிலிருந்து ஒரே உயரத்தில் ஒரு சிறிய துளையும் ஒரு பெரிய துளையும் போட்டால், இரண்டிலிருந்தும் வரும் தண்ணீர் ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் விழும். வாய் குறுகுவதே வேகத்துக்குக் காரணம் என்றால் சிறிய துளையின் நீர் வெகுதூரம் போயிருக்க வேண்டும். டிரம்மில் துளைக்கு முன்னால் நீண்ட குழாய் இல்லை, ஆகவே சேமிப்பதற்கு இழப்பும் இல்லை.

தீயணைப்பு ஹோஸின் நுனியிலுள்ள குறுகலான உலோக முனை, அதாவது நாசில், இந்தக் கட்டைவிரலின் வேலையைத்தான் செய்கிறது. அது ஓட்டத்தை ஓர் அளவுக்குள் கட்டுப்படுத்தி, தன்னிடம் வந்து சேர்ந்த அழுத்தத்தை வேகமாக மாற்றுகிறது. வந்து சேராத அழுத்தத்தை அதனால் உருவாக்க முடியாது.

## இழப்பு உண்டாகும் விதம்

ஓடும் தண்ணீரில் குழாயின் உட்சுவரை ஒட்டிய மெல்லிய படலம் சுவரோடு ஒட்டியே நின்றுவிடுகிறது. நடுவில் உள்ள நீர் விரைகிறது. நிற்கும் படலத்துக்கும் விரையும் நடுவுக்கும் இடையிலுள்ள நீர் ஒன்றையொன்று இழுத்து, சிறிதும் பெரிதுமான சுழிகளாகப் புரண்டுகொண்டே செல்கிறது. இந்த இழுபறியில் அழுத்தத்தின் ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. இப்படிக் குறையும் அழுத்தத்தையே உராய்வு இழப்பு என்கிறோம். வெப்பம் என்று சொன்னாலும் அதைக் கையால் உணர முடியாது. நாம் பின்னால் பார்க்கப்போகும் 2.4 பார் இழப்பு தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உயர்த்தும். ஆனால் அந்த 2.4 பார் திரும்ப வராது.

உராய்வு இழப்பு எதையெல்லாம் பொறுத்தது என்பதில் நான்கு செய்திகள் உள்ளன. ஒன்று எல்லோரும் அறிந்தது: ஹோஸின் நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். இரண்டாவதுதான் பலரையும் ஏமாற்றுவது. பாய்வு இரட்டித்தால் இழப்பு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. பாய்வு மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்கு. ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து இழப்பு வளர்கிறது.

மூன்றாவது, ஹோஸின் உள்விட்டம். ஒரே அளவு தண்ணீரைக் குறுகிய ஹோஸில் அனுப்பினால் அது வேகமாக ஓட வேண்டியிருக்கிறது, அதோடு சுவரை ஒட்டி ஓடும் நீரின் பங்கும் கூடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, விட்டம் சிறிது குறைந்தாலே இழப்பைப் பன்மடங்காக்கிவிடுகின்றன. இந்தியத் தீயணைப்புப் பணியில் புழங்கும் 63 மில்லிமீட்டர் ஹோஸுக்குப் பதிலாக 38 மில்லிமீட்டர் ஹோஸில் அதே தண்ணீரை அனுப்பினால், விட்டம் பாதிக்குச் சற்று மேலாகவே இருந்தும் இழப்பு சுமார் பன்னிரண்டு மடங்காகும். வயலுக்கு நீளமாகக் குழாய் போடுபவர்கள் குழாயில் ஓர் அங்குலத்தை மிச்சம் பிடித்துவிட்டு மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பன்னிரண்டு மடங்குதான் நினைவுக்கு வரும். அந்த மிச்சத்தை அவர்கள் மின்சாரமாக ஆண்டுக்கணக்கில் திருப்பிக் கட்டுகிறார்கள்.

நான்காவது, இழப்பு அழுத்தத்தைப் பொறுத்தது அல்ல என்பது. நிமிடத்துக்கு 500 லிட்டர் ஓடுகிறது என்றால், உள்ளே அழுத்தம் 4 பாராக இருந்தாலும் 8 பாராக இருந்தாலும் ஒரு மீட்டருக்கு உண்டாகும் இழப்பு ஒன்றுதான். ஆனால் பம்பில் அழுத்தத்தைக் கூட்டினால் பொதுவாகப் பாய்வும் கூடிவிடுகிறது, அதனால் இழப்பும் கூடுகிறது. அழுத்தத்தைக் கூட்டியதன் பலன் முழுவதும் நாசிலுக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் இதுதான்.

சுருங்கச் சொன்னால், நீளத்துக்கு இழப்பு ஒழுங்காகக் கூடுகிறது, பாய்வுக்கு வேகமாகக் கூடுகிறது, விட்டம் குறைந்தால் மிக வேகமாகக் கூடுகிறது.

## மூன்றாம் மாடிக்கு ஒரு கணக்கு

இனி நம் காட்சிக்கு வருவோம். வண்டியிலிருந்து தீ வரை 63 மில்லிமீட்டர் ஹோஸ்கள் ஆறு, ஒவ்வொன்றும் 30 மீட்டர், வரிசையாக இணைத்துப் போடப்பட்டுள்ளன. நுனியில் 20 மில்லிமீட்டர் நாசில். நாசில் பிடிப்பவர் தரைமட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்கிறார்.

கணக்கைப் பம்பிலிருந்து தொடங்கக்கூடாது. நாசிலிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். பம்பை இயக்கப் பழகுபவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் இது என்று நான் கருதுகிறேன். அங்கே எவ்வளவு வேண்டும், வழியில் எவ்வளவு போகும் என்று தெரிந்தால்தான் இங்கே எவ்வளவு கொடுப்பது என்று தெரியும்.

இப்படிப்பட்ட நாசிலில் 4 பார் இருந்தால் தண்ணீர் உடையாமல் தண்டுபோல் நேராகச் செல்லும், பிடிப்பவர்களும் தாங்க முடியும். மிகக் குறைந்தால் எட்டாது. மிக அதிகமானால் நீர்த்தண்டு காற்றிலேயே சிதறித் தூவானமாகிவிடும். 4 பாரில் எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. நாசிலின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பாரில் உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 20-இன் வர்க்கம் 400, 4-இன் வர்க்கமூலம் 2, பெருக்கினால் 800. அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 533 லிட்டர்.

நிமிடத்துக்கு 533 லிட்டர் ஓடும்போது, உட்புறம் ரப்பர் பூசிய 63 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்றில், அதாவது 30 மீட்டரில், ஏறத்தாழ 0.4 பார் இழப்பு ஏற்படும். ஆறு ஹோஸ்களுக்கு 2.4 பார். ஹோஸின் உட்பூச்சு எவ்வளவு வழவழப்பானது, எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். களத்தில் ஒரு தசம இடத்துக்கு மேல் துல்லியம் தேடுவதில் பயனில்லை.

அடுத்து உயரம். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற 1 பார் வேண்டும். இது உராய்வு இழப்பிலிருந்து வேறுபட்டது. தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த 1 பார் குறைந்தே தீரும். கூடுதலாக ஓடுவதால் இது கூடுவதும் இல்லை. பள்ளத்தில் இருக்கும் தீக்கு ஹோஸ் இறங்கிச் சென்றால் இதே அளவு திரும்பக் கிடைக்கும், கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, நாசிலுக்கு 4, உராய்வுக்கு 2.4, உயரத்துக்கு 1. பம்பின் கேஜில் 7.4 பார் நிற்க வேண்டும். பம்பை இயக்குபவர் வண்டியின் எஞ்சின் வேகத்தைத் த்ராட்டிலால் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே முள்ளை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறார். ஓட்டம் தொடங்குவதற்கு முன் பார்த்த அளவை நம்பக்கூடாது. ஆறு ஹோஸ்களும் நிரம்பவே 560 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் வேண்டும் என்பதால், வால்வைத் திறந்த முதல் ஒரு நிமிடத்தில் மேலே இருப்பவருக்குப் பெரும்பாலும் காற்றுதான் கிடைக்கும். அந்த நேரத்தில் "தண்ணீர் வரவில்லை" என்ற குரலைக் கேட்டு அவசரமாக முறுக்கிவிட்டால், தண்ணீர் வந்து சேரும்போது அடியாக வந்து சேரும்.

ஈடுகட்டாமல், நாசிலுக்கு நாலைந்து போதும் என்று பம்பை 5 பாரில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? 5-இல் 3.4 போனால் 1.6 என்று கழித்துவிடத் தோன்றும். அது சரியல்ல. அழுத்தம் குறைந்தால் பாய்வு குறையும், பாய்வு குறைந்தால் உராய்வு இழப்பும் குறையும். எல்லாம் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து ஒரு சமநிலைக்கு வரும். இந்தக் காட்சியில் அந்தச் சமநிலை, நாசிலில் 2.5 பார், நிமிடத்துக்குச் சுமார் 420 லிட்டர். தண்ணீர் அடியோடு நின்றுவிடாது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், எட்டும் தூரமும் சுருங்கும். தண்ணீர் வந்துகொண்டிருப்பதால் குறை யாருக்கும் உடனே தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இந்தப் பகுதியின் சாரம்: தேவையான நாசில் அழுத்தம், அந்தப் பாய்வில் ஏற்படும் உராய்வு இழப்பு, உயரம் ஆகிய மூன்றையும் கூட்டினால் பம்பு அழுத்தம் கிடைக்கும்.

## கூட்டிக்கொண்டே போக முடியாத இடம்

தீ பரவுகிறது, இன்னொரு 20 மில்லிமீட்டர் நாசில் வேண்டும் என்கிறார் மேலே உள்ள அதிகாரி. ஏற்கெனவே போட்ட வரிசையின் ஐந்தாவது ஹோஸின் முடிவில் டிவைடிங் பிரீச்சிங் என்னும் கவட்டை இணைப்பைப் போட்டு, அங்கிருந்து இரண்டாகப் பிரிப்பது எளிதான வழியாகத் தோன்றும். கூடுதலாக ஒரே ஒரு ஹோஸ் போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொதுவான ஐந்து ஹோஸ்களில் இப்போது நிமிடத்துக்கு 1066 லிட்டர் ஓட வேண்டும். பாய்வு இரட்டித்ததால் இழப்பு நான்கு மடங்கு, ஒரு ஹோஸுக்கு 1.6 பார். ஐந்துக்கு 8 பார். பிரிந்த பின் உள்ள கடைசி ஹோஸுக்கு 0.4, நாசிலுக்கு 4, உயரத்துக்கு 1. மொத்தம் 13.4 பார். சாதாரணமாக 7 பார் அளவில் வேலை செய்வதற்கென்று அமைந்த பம்பிடமும், அதற்கேற்ற ஹோஸ்களிடமும் இதைக் கேட்க முடியாது. கேட்டால் ஏதோ ஒரு இணைப்பு கழன்று அடிக்கும், அல்லது ஹோஸ் வெடிக்கும்.

அதற்குப் பதிலாக, பம்பின் இரண்டாவது டெலிவரி வாயிலிருந்து தனியாக இன்னொரு ஆறு ஹோஸ்களைப் போட்டால், ஒவ்வொரு வரிசையிலும் 533 லிட்டர்தான் ஓடும். இரண்டுக்கும் அதே 7.4 பார் போதும். பம்பு முன்பைவிட இருமடங்கு தண்ணீரைத் தள்ள வேண்டும், ஆனால் அழுத்தம் ஏறவில்லை. ஹோஸை இழுத்துப் போடும் உழைப்பு கூடுதல்தான். அந்த உழைப்பை த்ராட்டிலால் மிச்சப்படுத்த முடியாது.

இதே தத்துவத்தைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ஒரே நாசில்தான், ஆனால் பம்பு தேவையான அழுத்தத்தை எட்டமுடியாமல் திணறுகிறது என்றால், முதல் ஐந்து ஹோஸ் தூரத்துக்கு இரண்டு வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கலெக்டிங் பிரீச்சிங் என்னும் சேர்ப்பு இணைப்பால் ஒன்றாக்கி, கடைசி ஒன்றை மட்டும் தனியாக விடலாம். ஒவ்வொரு வரிசையிலும் பாதிப் பாய்வு, ஆகவே கால் பங்கு இழப்பு: ஐந்துக்கு 2 பாராக இருந்தது 0.5 ஆகிவிடும். பம்பில் 7.4 வேண்டிய இடத்தில் 5.9 போதும். ஒரு திருகைக்கூடக் கூட்டாமல் கிடைத்த 1.5 பார் அது. தூரம் மிக அதிகமானால் இதுவும் போதாது. வழியில் இன்னொரு பம்பை நிறுத்தி, முதல் பம்பின் தண்ணீரை அது வாங்கி மீண்டும் தள்ளும்படி தொடராக வைப்பார்கள்.

## ஒருவர் மூடினால் மற்றவருக்கு என்ன ஆகும்

பம்பை இயக்குபவரின் கணக்கு, நாசில் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கானது. மேலே இருப்பவர் நாசிலை மூடினால் பாய்வு நிற்கிறது, உராய்வு இழப்பு மறைந்துவிடுகிறது. உயரத்துக்கான 1 பார் மட்டுமே கழியும். பம்பில் 7.4 அப்படியே இருந்தாலும், மூடிய நாசிலுக்குப் பின்னால் இப்போது 6.4 பார் நிற்கிறது. அவர் மீண்டும் சட்டென்று திறந்தால், ஓட்டம் நிலைப்படுவதற்குள் அந்த 6.4 பாரின் அடி அவர் கையில்தான் விழும்.

நாசிலிலிருந்து தண்ணீர் முன்னோக்கிப் பாயும்போது அது பிடித்திருப்பவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. 20 மில்லிமீட்டர் நாசிலில் 4 பாருக்கு அந்த உதைப்பு ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமம், 6.4 பாருக்கு 40 கிலோ. மாடிப்படியில், ஈரத்தரையில், புகைக்குள் நிற்பவருக்கு இந்தப் பதினைந்து கிலோ வேறுபாடு நிலைகுலைய வைக்கப் போதுமானது. நாசிலை மெதுவாகத் திற, மெதுவாக மூடு என்று வலியுறுத்துவது இதனால்தான். சட்டென்று மூடுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. 180 மீட்டர் நீளத்துக்கு ஓடிவரும் அரை டன்னுக்கு மேற்பட்ட தண்ணீர் ஒரே நொடியில் நிறுத்தப்படும்போது, அதன் வேகம் அழுத்த அலையாகப் பின்னோக்கிப் பாய்ந்து ஹோஸையும் பம்பையும் தாக்கும்.

கவட்டை இணைப்பில் இரண்டு பேர் இருந்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. இரண்டு 20 மில்லிமீட்டர் நாசில்களுக்குப் பதிலாக இரண்டு 14 மில்லிமீட்டர் நாசில்களைப் போட்டிருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து முன்பு ஒரே நாசிலில் வந்த அளவுக்கு நெருக்கமாகத் தண்ணீர் விடும்; பம்பில் 7.1 பார் போதும், இருவருக்கும் 4 பார் கிடைக்கும். இப்போது ஒருவர் மூடுகிறார். பொதுவான ஐந்து ஹோஸ்களில் பாய்வு ஏறத்தாழப் பாதியாகிறது, அங்கே இழப்பு 2 பாரிலிருந்து வெகுவாகக் குறைகிறது, மிச்சமான அழுத்தம் முழுவதும் எதையும் தொடாத மற்றவரிடம் போய்ச் சேர்கிறது. அவருடைய நாசிலில் 4 பார் இருந்தது சுமார் 5.3 ஆகிவிடும். அவர் எதுவும் செய்யவில்லை, பம்பிலும் யாரும் எதுவும் செய்யவில்லை. ஆகவே ஒருவர் மூடுவதற்கு முன் கீழே சொல்லிவிட வேண்டும், கீழே இருப்பவர் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் அழுத்தத்தைத் தானாகவே நிலையாக வைக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அது பம்பின் வாயிலுள்ள அழுத்தத்தைத்தான் நிலையாக வைக்கிறது. ஹோஸில் மாறிய உராய்வை அது அறியாது.

## கேஜ் சொல்வதும் சொல்லாததும்

நாசிலில் கேஜ் இல்லை. பம்பை இயக்குபவரின் கண்முன் உள்ள முள் தன் வாயிலுள்ள அழுத்தத்தை மட்டுமே காட்டும். மேலேயிருந்து "தண்ணீர் மெலிந்துவிட்டது" என்று தகவல் வந்தால், த்ராட்டிலைத் தொடுவதற்கு முன் அவர் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒரே புகாருக்கு அது மூன்று வெவ்வேறு பதில்களைத் தரும்.

முள் முன்பைவிட ஏறியிருந்தால், தண்ணீர் வழியில் எங்கோ அடைபட்டிருக்கிறது. தீயணைப்பு வண்டிகளில் உள்ள பம்பு, சுழலும் சக்கரத்தின் விசையால் நீரை வெளித்தள்ளும் வகையைச் சேர்ந்தது. எஞ்சின் வேகம் மாறாமல் பாய்வு மட்டும் குறைந்தால் இதில் அழுத்தம் சற்று ஏறும். ஹோஸ் எங்காவது மடிந்திருக்கலாம், வண்டிச் சக்கரத்தின் அடியில் சிக்கியிருக்கலாம், படிக்கட்டுத் திருப்பத்தில் முறுக்கிக்கொண்டிருக்கலாம், நாசிலில் கல் அடைத்திருக்கலாம். மடிப்பிருக்கும் இடத்துக்கு முன்னால் ஹோஸ் கல்போல் விறைத்தும், பின்னால் மிதித்தால் அமுங்கும்படி தளர்ந்தும் இருக்கும். ஹோஸை ஒட்டி ஒருவர் நடந்து சென்றாலே இடம் தெரிந்துவிடும். இந்த நிலையில் அழுத்தத்தைக் கூட்டினால், மடிப்பு திடீரென்று விரியும்போது மேலே இருப்பவருக்குத் தாங்க முடியாத உதைப்பு வரும்.

முள் இறங்கியிருந்தால், தண்ணீர் வழியில் எங்கோ வெளியேறுகிறது. ஹோஸ் கிழிந்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். தடையில்லாமல் ஏராளமாக ஓடுவதால் பம்பில் அழுத்தம் விழுகிறது. இங்கும் கூட்டுவது பயனற்றது. ஓட்டையில்தான் கூடுதலாகக் கொட்டும். அந்த வால்வை மெதுவாக மூடி, பழுதான ஹோஸை மாற்ற வேண்டும்.

மூன்றாவது நிலையில் முள் ஓரிடத்தில் நில்லாமல் துடிக்கும். எஞ்சின் சுமையில்லாததுபோல் வேகமெடுக்கும், பம்பிலிருந்து சரளைக்கற்கள் உருளுவதுபோன்ற சத்தம் வரும், த்ராட்டிலைக் கூட்டினாலும் அழுத்தம் ஏறாது. ஹோஸில் எந்தப் பிழையும் இல்லை. பம்புக்கே போதிய தண்ணீர் வரவில்லை. 4500 லிட்டர் கொள்ளும் வண்டியில் நிமிடத்துக்கு 533 லிட்டர் என்றால் எட்டரை நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். குளத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தால் உறிஞ்சு குழாயின் வலைமுனையில் இலைதழை அடைத்திருக்கலாம், அல்லது இணைப்பு ஒன்றில் காற்று புகுந்திருக்கலாம். இந்த நிலையில் செய்ய வேண்டியது த்ராட்டிலைக் குறைப்பது. பம்பு கேட்கும் அளவு, வரும் தண்ணீரின் அளவுக்கு இறங்கியதும் சரளைச் சத்தம் நின்று முள் அமைதியடையும். குறைவாக இருந்தாலும் நிலையான ஓட்டம் ஒன்று மேலே இருப்பவருக்குக் கிடைக்கும். அதன் பிறகே தொட்டியையோ வலைமுனையையோ பார்க்க ஆளனுப்ப வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, தண்ணீர் குறையப்போகிறது என்று நாசில் பிடித்திருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும்.